அக்காவின் வாட்ச் இங்கிலீஷில் இருந்த மூன்று வாரம்

இருபத்தாறு வருடமாக அரசு அலுவலகத்தில் தமிழில் கோப்பு எழுதுகிறவன் நான். 'பார்வையில் காணும் கடிதத்தின்படி' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு ஃபோனைத் தமிழில் வைத்துக் கொடுத்தால் எனக்குக் கண்ணைக் கட்டிவிடும். 'இணைப்புகள்' எங்கே, 'அனுமதிகள்' எங்கே என்று திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவன் மாதிரி தேடுவேன். செட்டிங்ஸ், ப்ளூடூத், பெர்மிஷன் என்று இங்கிலீஷ் எழுத்தில் இருந்தால்தான் என் விரல் நகரும். இதை ஒரு குறை என்று நான் நினைத்ததே இல்லை. தமிழில் ஃபோன் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் இளக்காரமாகக்கூட இருக்கும்.

என் அக்கா அப்படி வைத்திருந்தாள். அவளுக்குச் சோழவந்தானில் வீடு. மச்சான் இறந்த பிறகு வெற்றிலைக் கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தனியாக இருக்கிறாள். எட்டாவது வரை படித்தவள், அதுவும் தமிழில் மட்டும். ஃபோனைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்து, அவளாகவே எல்லாம் பழகிக்கொண்டாள். "முன்னனுப்புன்னா என்னன்னு தெரியுமாடா ஒனக்கு? நீங்க ஃபார்வர்டுன்னு சொல்லுவீகள்ல, அதுதான்" என்று எனக்கே பாடம் எடுப்பாள். தெருவில் யாருக்காவது காஸ் பதிய வேண்டும், படம் அனுப்ப வேண்டும் என்றால் அவளிடம்தான் வருவார்கள். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அக்காவுக்கு ஒரே மகள். மதுரை அவனியாபுரத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரி கம்பெனி ஒன்றில் வேலை, பாதி நாள் தூத்துக்குடியில் இருப்பார். எனக்கு மருமகள் முறையான அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து ஒரு நாள்கூடத் தங்கவில்லை. இரண்டாவது உண்டானதிலிருந்து பயம். ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் தாய் வீட்டுக்கும் வரவில்லை. அக்கா அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். "நீ ரூமுக்குள்ள போறப்ப நான் வாசல்ல நிப்பேன். வெளிய வர்றப்ப மொத மொகம் ஏம் மொகமாத்தான் இருக்கும்." அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எட்டு மாதத்தைத் தள்ளினாள். ஒன்பதாவது மாதம் நடுவில் அக்கா அங்கே போய்த் தங்குவதாக ஏற்பாடு.

அதற்கு முன்னால் அக்காவுக்கு நெஞ்சு படபடப்பு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை, நாடித்துடிப்பை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நான் சும்மா இருப்பேனா? மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பைக்கில் சோழவந்தானுக்குப் போனேன். தம்பி தங்கக் கம்பி என்று அக்கா சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு.

வாட்சை ஃபோனோடு சேர்க்க, அதற்கான ஆப்பை ஃபோனில் இறக்க வேண்டும். ஃபோன் தமிழில் இருந்தது. இரண்டு நிமிடம் தடவினேன். மூன்றாவது நிமிடம் எரிச்சல் வந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "எது வேணும்னு சொல்லு, நான் எடுத்துத் தாரேன்" என்றாள். தங்கையாக இருந்தால் அதட்டியிருப்பேன். அக்கா என்பதால் சிரித்து மழுப்பிவிட்டு, ஃபோனின் மொழியை இங்கிலீஷுக்கு மாற்றினேன். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ஆப் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது. அறிவிப்புகளை வாட்சுக்கு அனுப்பலாமா, தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, 'தொந்தரவு செய்யாதே' நிலையை இரண்டுக்கும் பொதுவாக வைக்கலாமா. நான் எதையும் வாசிக்கவில்லை. வரிசையாக ஓகே, ஓகே, ஓகே. ஃபோன் இங்கிலீஷில் இருந்ததால் வாட்சும் இங்கிலீஷில் கண் விழித்தது. நாடித்துடிப்பு எழுபத்தெட்டு என்று காட்டியது. அக்கா மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதற்குள் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் மதுரை போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். ஃபோனைத் திரும்பத் தமிழுக்கு மாற்றி வைக்கவில்லை. மறந்தேன் என்றுதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேனூர் தாண்டும்போதே ஞாபகம் வந்தது என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். திரும்பிப் போகச் சோம்பல்.

அன்று சாயங்காலமே அக்கா கூப்பிட்டாள். "தம்பி, போனு பூராம் இங்கிலீசா மாறிப்போச்சுடா. வாட்சும் அப்படித்தான் இருக்கு."

"வார ஞாயித்துக்கிழமை வாரேன்க்கா, மாத்தித் தாரேன்."

அந்த ஞாயிறு அலுவலகத்தில் ஒருவர் வீட்டுக் கல்யாணம். அடுத்த ஞாயிறு எனக்குச் சளி. அதற்கடுத்த ஞாயிறு என்ன காரணம் என்று எனக்கே நினைவில்லை. இதற்கிடையில் அக்கா, கரண்ட் போன வீட்டில் நடப்பது மாதிரி, இடம் பார்த்து இடம் பார்த்து ஃபோனைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பச்சைப் பொத்தான் பேச, சிவப்புப் பொத்தான் வைக்க. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தெருவில் யாராவது உதவி கேட்டு வந்தால் கண் வலிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். மாற்றித் தரச் சொல்லி யாரிடமும் கேட்கவும் இல்லை. தெருவுக்கே சொல்லிக் கொடுத்தவள் எப்படிப் போய்க் கேட்பாள்? படுத்தே இருக்கச் சொல்லியிருந்த மகளையும் தொந்தரவு செய்ய மனம் இல்லை.

அந்த மூன்றாவது ஞாயிறும் தாண்டி வந்த வியாழக்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். என் மேஜைக்கு முன்னால் பட்டா விஷயமாக நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா கூப்பிட்டாள்.

"தம்பி, இந்த வாட்சு மணிக்கொருக்கா கையில கிர்ருன்னு அதுருதுடா. என்னமோ எழுதி வருது. நெஞ்சுக்குத்தான் எதுவும் சொல்லுதோன்னு பயமாருக்கு."

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் எழுந்து நடக்கச் சொல்லும் நினைவூட்டல் அது. ஒவ்வொரு முறை அது அதிரும்போதும் தன் இதயம் பழுது என்று அவள் மூன்று வாரம் பயந்திருக்கிறாள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. முன்னால் நின்றவர் காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அது சும்மா நடக்கச் சொல்லுதுக்கா. மேலருந்து கீழ இழு. நிலாப் படம் இருக்கா? அதத் தொடு. சத்தமே வராது."

"இரு... தொட்டுட்டேன். என்னமோ ரெண்டு வரி வந்துருக்கு தம்பி. ஒவ்வொரு எழுத்தா வாசிக்கவா? மொத எழுத்து டி..."

"வேணாம்க்கா. ஓகேன்னு இருக்கும். ஓ, கே. அத அமுக்கிட்டு வை. இங்க ஆள் நிக்கிறாக."

"சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மருமகளுக்கு வலி வந்தது. நாள் இன்னும் மூன்று வாரம் இருந்தது. அவள் முதலில் கூப்பிட்டது அம்மாவை. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். கீழ் வீட்டு அம்மா ஆட்டோ பிடித்து ஏற்றிக்கொண்டு போகும்போதும், ஆட்டோவில் இருந்தும் கூப்பிட்டாள். மொத்தம் ஒன்பது தடவை. பிறகுதான் என்னைக் கூப்பிட்டாள்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பிள்ளையின் துடிப்பு குறைகிறது என்றார்கள். கணவர் தூத்துக்குடியிலிருந்து கிளம்பியிருந்தார். கையெழுத்து நான் போட்டேன். தள்ளுவண்டியில் படுத்திருந்தவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா வந்துட்டாகளா மாமா?"

"வந்துக்கிட்டு இருக்காகம்மா."

"பேசுனீகளா?"

"இப்பத்தான் பேசுனேன். பஸ் ஏறிட்டாக."

பேசவில்லை. நானும் வழியெல்லாம் கூப்பிட்டுக்கொண்டுதான் வந்தேன், அக்கா எடுக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு முந்தின வாரம் என் மனைவியோடு ஏதோ ஒரு பேச்சில் அக்காவுக்கு மனத்தாங்கல். அதற்காகத்தான் வீம்பு பண்ணுகிறாள் என்று நினைத்தேன். பெற்ற மகள் இந்த நிலையில் இருக்கும்போது வீம்பு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று பல்லைக் கடித்தேன். ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. மருமகள் கதவு மூடும் வரை வாசலையே பார்த்துக்கொண்டு போனாள்.

நாலரை மணிக்குப் பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்தது. அந்த ஒரு பாவத்திலிருந்து மட்டும் தப்பித்தேன்.

அக்கா தினமும் ஆறு மணிக்கு மகளைக் கூப்பிடுவாள். அன்றும் கூப்பிடலாம் என்று ஃபோனைத் திறந்தபோதுதான் தவறிய அழைப்புகளைப் பார்த்திருக்கிறாள். கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறி ஏழரைக்கு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. மருமகள் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏம்மா எடுக்கல?"

அக்கா என்னைப் பார்த்தாள், ஃபோனைப் பார்த்தாள். "தூங்கிட்டேன்டி" என்றாள்.

மருமகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அக்கா பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. மச்சான் செத்த வீட்டிலேயே அவள் பகலில் கண்ணயரவில்லை. ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று யோசித்துக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பார்த்தேன். வாட்சின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன நிலா இருந்தது. ஃபோனை வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதே நிலா.

சார்ஜ் போட்டு வருகிறேன் என்று சொல்லி இரண்டையும் வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதை அந்த பெஞ்சில் உட்கார்ந்து செய்தேன். ஆப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். மொழி என்ற பக்கத்தில் முதல் வரி, ஃபோனைப் பின்பற்று. ஃபோன் எந்த மொழியோ வாட்சும் அந்த மொழி. கீழே ஒரு பட்டியல், அதில் தமிழும் இருந்தது. அதைத் தொட்டிருந்தால் ஃபோன் இங்கிலீஷில் கிடந்தாலும் வாட்ச் மட்டும் தமிழில் இருந்திருக்கும். மொழி ஃபோனிலிருந்து வாட்சுக்குத்தான் போகும், அங்கிருந்து இங்கே வராது. மணி காட்டும் விதமும் அப்படித்தான். வெளிச்சம், அதிர்வின் அளவு எல்லாம் வாட்சின் சொந்த விவகாரம், ஃபோன் தலையிடாது. 'தொந்தரவு செய்யாதே' மட்டும் இரண்டு பக்கமும் ஓடும். எதில் தொட்டாலும் இரண்டும் வாயை மூடிக்கொள்ளும். அதற்குச் சம்மதம் கொடுத்தது என் விரல். மறுபடி மறுபடி அழைப்பவர்களுக்கு மட்டும் ஒலிக்கட்டும் என்று ஃபோனில் ஒரு ஏற்பாடு உண்டு. அக்கா ஃபோனில் அதுவும் அணைந்து கிடந்தது.

ஃபோனைத் தமிழுக்கு மாற்றினேன். வாட்ச் ஒரு நொடி இருண்டு தமிழில் வந்தது. காலையில் அவள் செய்ததைச் செய்து பார்த்தேன். மேலிருந்து கீழே இழுத்து, எரிந்துகொண்டிருந்த நிலாவை அணைத்துவிட்டு மறுபடி தொட்டேன். இரண்டு வரி வந்தது.

'தொந்தரவு செய்யாதே இயக்கப்பட்டது. உங்கள் ஃபோனிலும் அழைப்புகள் ஒலிக்காது.'

அவள் எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன் என்றாளே, அந்த இரண்டு வரி. தமிழில் இருந்திருந்தால் அவளே படித்திருப்பாள். மகளுக்கு ஒன்பதாவது மாதம் நடக்கும்போது ஃபோனை ஊமையாக்க அவள் சம்மதித்திருக்கவே மாட்டாள். நான் கேட்டிருந்தாலும் போதும், அரை நிமிடம்தான். அந்தப் பட்டாக்காரர் அரை நிமிடம் நின்றிருப்பார்.

நிலாவை அணைத்தேன். மருமகள் எண்ணும் என் எண்ணும் எப்போதும் ஒலிக்கும்படி வைத்தேன். அக்காவிடம் கொடுத்தேன். "அட, தமிழ்ல வந்துருச்சே" என்றாள், அந்த நேரத்திலும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி. "அந்த நிலாவ மட்டும் தொடாதக்கா" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. மெதுவாக என்னிடம் சொன்னாள், "என்னத்தையோ தப்பா அமுக்கிருக்கேன்டா. சொன்னா நீ வாங்கிக் குடுத்த வாட்சத்தான் திட்டுவா. அதான் தூங்கிட்டேன்னு சொன்னேன்." அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். பச்சை உடம்புக்காரி பக்கத்தில் பேசக் கூடாது, நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்தேன். காரணம் கண்டுபிடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

ஒன்றரை வருடம் சொல்லவில்லை. அதற்குள் அந்தத் தூக்கம் குடும்பத்தில் ஒரு கதையாகிவிட்டது. குழந்தை அழும்போது மருமகள் சிரித்துக்கொண்டே சொல்வாள், "நீ பொறக்கும்போது ஒன் அம்மாச்சி நல்லாத் தூங்கிட்டாகடி." எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். நான் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவேன். சிரிப்பாகச் சொன்னாலும் மருமகளுக்கு அது ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் அம்மா அம்மா என்பவள், இப்போது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கீழ் வீட்டு அம்மாவைக் கூப்பிடுகிறாள். "எதுக்கு அம்மாவ எழுப்பிக்கிட்டு" என்பாள்.

போன மாதம் ஒரு நாள் அக்கா கூப்பிட்டாள். ஒரு துக்க வீட்டுக்குப் போயிருக்கிறாள். சத்தம் வரக் கூடாதே என்று, நான் தொடாதே என்றதையும் மீறி, அந்த நிலாவைத் தொட்டிருக்கிறாள்.

"தம்பி, இதத் தொட்டா போனும் அடிக்காதாம்டா. தமிழ்ல தெளிவாப் போட்டுருக்கான்."

எழுதிக்கொண்டிருந்த கோப்பை மூடினேன்.

"அன்னைக்கி நீ சொல்லித்தான் தொட்டேன்."

"ஆமாக்கா."

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "அன்னைக்கி ஆஸ்பத்திரியிலயே தெரியும்க்கா" என்றேன்.

அந்தப் பக்கம் பறை அடிக்கும் சத்தம் கேட்டது. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் தூங்கலடா" என்றாள். "வாசப்படியில உக்காந்து கீர ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். போனு மடியிலதான் கெடந்துச்சு. நாள் நெருங்குது, எப்பக் கூப்புடுவாளோன்னு மடியிலயே வச்சிருந்தேன்."

பிறகு, "நீ போயி அவகிட்டச் சொல்லு. நான் சொன்னா இப்ப நம்ப மாட்டா" என்று வைத்துவிட்டாள்.

இந்த முறை ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளவில்லை. அன்று சாயங்காலமே அனுமதி கேட்டு அலுவலகத்திலிருந்து நேராக அவனியாபுரம் போனேன். மருமகள் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மழைக்குப் பயந்து ஓடியது, மூன்று ஞாயிறு, நிலாப் படம், அம்மா வாசிக்கிறேன் என்ற இரண்டு வரி, பஸ் ஏறிவிட்டாள் என்று நான் சொன்ன பொய். இட்லித் துண்டு அவள் விரலிலேயே இருந்தது, குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

நான் முடித்ததும் கையைக் கழுவினாள். என்னைத் தாண்டிப் போய் ஃபோனை எடுத்தாள். முதல் மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள்.

"அம்மா" என்றாள் மருமகள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு, அன்று ஆஸ்பத்திரியில் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

"நீ தூங்கலையாம்மா?"

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தேன். உள்ளே இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மருமகள் வெளியே வந்து குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "காப்பி குடிக்கிறீகளா மாமா?" என்று எப்போதும் கேட்பவள் அன்று கேட்கவில்லை.